விடை சரி, மார்க்ஸ் இல்லை

போன கிழமை ஒரு பின்னேரம் கீழ்வீட்டுத் தங்கச்சி விடைத்தாளைச் சுருட்டிக் கையில பிடிச்சுக்கொண்டு படியேறி வந்தா. பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கிறா, இன்னும் முதலாம் வருடம் முடியேல்ல. எங்கட தெஹிவளை வீட்டு மொட்டைமாடியில் நின்றால் கோட்டைக்குப் போற ரயில் சத்தம் கேட்கும். அதுக்கு மேலால சத்தம் வைச்சுத்தான் பேசவேணும்.

“அண்ணா, இதைப் பாருங்கோ. விடை சரி. பன்னிரண்டுக்கு ரெண்டு தந்திருக்கினம்.”

கேள்வி பழசு. 1/(1 + x²) என்ற சார்பைத் தொடராக விரித்து, உறுப்பு உறுப்பாகத் தொகையிட்டு, பின்வருவதை நிறுவுக என்று கேட்டிருந்தது:

π/4 = 1 − 1/3 + 1/5 − 1/7 + …

அவ எழுதினது இப்படி. பெருக்கல் தொடர் விதிப்படி 1/(1 + x²) = 1 − x² + x⁴ − x⁶ + … அடுத்து, வயர்ஸ்ட்ராஸின் எம்-சோதனைப்படி இந்தத் தொடர் சீராக ஒருங்குகிறது. ஆகவே ஒவ்வொரு உறுப்பையும் 0 முதல் 1 வரை தொகையிடலாம். இடப்பக்கம் tan⁻¹ 1, அதாவது π/4. வலப்பக்கம் 1 − 1/3 + 1/5 − … முடிஞ்சுது.

நடுவில ஒரே ஒரு வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அந்த வரி:

Mₖ = x²ᵏ என்க.

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அவவைப் பார்த்து இல்லை. என்ர முதலாம் வருட விடைத்தாளிலும் இதே வரி, இதே மாதிரி ஒரு வட்டத்துக்குள்ள இருந்தது. நான் அந்த விடைத்தாளைக் கொண்டுபோய் விரிவுரையாளரோட வாதாடினேன். “சேர், π/4 தானே விடை? அது சரியா வந்திருக்கே?” அவர் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “விடை கேள்வியிலயே இருக்கு. உன்னட்டக் கேட்டது வழியை” என்றார். அப்ப எனக்கு அது அநியாயமாகத்தான் பட்டது. உண்மையான விடையைத் தந்த வழி எப்படிப் பிழையாகும்?

சோதனை சொல்வதை முதலில் சரியாக எடுத்துக்கொள்வம். f₀(x) + f₁(x) + f₂(x) + … என்று ஒரு சார்புத் தொடர் இருக்கிறது. x ஒரு குறிப்பிட்ட ஆயிடையில் ஓடுகிறது. ஒவ்வொரு உறுப்புக்கும் Mₖ என்று ஒரு எண்ணைக் கண்டுபிடிக்கிறோம். அந்த ஆயிடையில் x எங்கே நின்றாலும் fₖ(x) இன் பருமன் Mₖ ஐத் தாண்டக்கூடாது. இந்த Mₖ எல்லாவற்றையும் கூட்டினால் முடிவுள்ள ஒரு தொகை வரவேணும். இரண்டும் நடந்தால் தொடர் அந்த ஆயிடை முழுக்கச் சீராக ஒருங்கும்.

இதில் உயிரான சொல் ‘எண்’. Mₖ க்குள்ள x இருக்கக்கூடாது. x க்கு ஏற்றபடி மாறுகிற வேலி, வேலியே இல்லை. Mₖ = x²ᵏ என்று எழுதினால், “இந்த உறுப்பு தன்னைவிடப் பெரியது இல்லை” என்று சொன்னதாகத்தான் ஆகும். எந்தத் தொடருக்கும் அப்படிச் சொல்லலாம். கையால சரிபார்க்க எளிய வழி ஒன்று: Mₖ எழுதினவுடனே அதில x தெரியுதா என்று பாருங்கோ. தெரிஞ்சால் அங்கேயே நில்லுங்கோ. ஆயிடை முழுக்க fₖ இன் ஆகக்கூடிய பருமன் எவ்வளவு என்று தேடி, அந்த எண்ணை எழுதுங்கோ.

“சரி, அப்ப ஆகக்கூடிய பருமனைப் போடுறன்,” என்றா அவ. “0 முதல் 1 வரை x²ᵏ இன் ஆகக்கூடிய பருமன் 1. அப்ப Mₖ = 1.”

“கூட்டும்.”

“1 + 1 + 1 … ஐயோ.”

ஐயோ தான். அதோட சோதனை கைவிட்டுது. x = 1 இல் அந்தத் தொடர் 1 − 1 + 1 − 1 + … என்று ஆடிக்கொண்டே இருக்கும், ஒருங்கவே ஒருங்காது. சிலபேர் இந்த இடத்தில் “அப்ப 1 ஐ மட்டும் எடுத்துவிடுவம், x < 1 என்று வைப்பம்” என்பார்கள். நானும் சொன்னனான். அதுவும் உதவாது. x 1 ஐத் தொடாவிட்டாலும் எவ்வளவு கிட்டவும் போகலாம். x²ᵏ உம் 1 க்கு எவ்வளவு கிட்டவும் வரும். ஆகவே 1 ஐவிடச் சின்னதாக ஒரு Mₖ வைக்க வழியில்லை.

அதே தொடர், வேறு ஓர் ஆயிடை. இதுக்குத்தான் எனக்கு விருப்பமான கதை ஒன்று இருக்கு. இது எங்கட பக்கத்துக் கதையும்தான்.

π/4 தொடரைப் பாடப்புத்தகங்கள் லைப்னிட்ஸ் பேரில் சொல்லும். அவர் அதைக் கண்டது 1670களில். அதுக்கு இருநூறு ஆண்டுக்கு மேல முந்தியே, 14ஆம் நூற்றாண்டில், கேரளத்தில் சங்கமகிராமத்து மாதவன் இதை அறிந்திருந்தார். இது பற்றி அவரே எழுதிய நூல் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அவர் வழிவந்தவர்கள் எழுதி வைத்ததில் இருந்துதான் தெரியும். அதில முக்கியமானது ஜ்யேஷ்டதேவரின் ‘யுக்திபாஷா’. ஏறத்தாழ 1530இல் மலையாளத்தில் எழுதப்பட்டது. முடிவுகளைச் சூத்திரமாகக் கட்டி வைக்காமல், அவை ஏன் உண்மை என்று உரைநடையில் படிப்படியாக விளக்குகிற நூல்.

மாதவன் π ஐக் கணக்கிட எடுத்தது 1 − 1/3 + 1/5 − … என்ற தொடரை இல்லை. கை வலிக்குமே தவிர விடை வராது என்று அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அவர் எடுத்தது இது:

π = √12 × (1 − 1/(3·3) + 1/(5·3²) − 1/(7·3³) + …)

இது எங்கிருந்து வருது? அதே 1/(1 + x²). 0 முதல் 1 வரை தொகையிடாமல், 0 முதல் 1/√3 வரை தொகையிடுங்கோ. tan 30° = 1/√3. ஆகவே இடப்பக்கம் π/6. வலப்பக்கம் ஒவ்வொரு உறுப்பிலும் x க்கு 1/√3 ஐப் போட்டால் 3 இன் வலுக்கள் கீழே வரிசையாக வந்து நிற்கும். ஆறால் பெருக்கினால் மேலே உள்ள சமன்பாடு.

இப்ப எம்-சோதனையைப் போட்டுப் பார்ப்பம். x இன் ஆகக்கூடிய பெறுமானம் 1/√3. அப்ப x²ᵏ இன் ஆகக்கூடிய பருமன் (1/√3)²ᵏ, அதாவது 1/3ᵏ. Mₖ = 1/3ᵏ. உள்ளுக்குள்ள x இல்லை, வெறும் எண். கூட்டினால் 1 + 1/3 + 1/9 + … = 3/2. முடிவுள்ள தொகை. சோதனை பாஸ். தொடர் இந்த ஆயிடையில் சீராக ஒருங்குது, உறுப்பு உறுப்பாகத் தொகையிடலாம்.

சீராக ஒருங்கினால் ஏன் தொகையிடலாம் என்பதையும் அவவுக்குக் கடதாசியில் எழுதிக் காட்டினேன். மனப்பாடமாகச் சொன்னால் அது மந்திரம் மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே நடப்பது ஒரு செவ்வகத்தின் பரப்பு மட்டும்தான். முதல் N உறுப்புகளை மட்டும் கூட்டி நிறுத்துகிறோம். மீதியாக விடப்பட்டது, x எங்கே நின்றாலும், விடப்பட்ட Mₖ களின் தொகையைத் தாண்டாது. அந்தத் தொகை எங்கட கணக்கில் 1/3ᴺ + 1/3ᴺ⁺¹ + … = 1.5/3ᴺ. மீதியின் வரைபு முழுக்க இந்த உயரமுள்ள ஒரு செவ்வகத்துக்குள்ள அடங்கிக் கிடக்குது. செவ்வகத்தின் அகலம் 1/√3, ஏறத்தாழ 0.577. ஆகவே தொகையீட்டில் வரக்கூடிய வழு 0.577 × 1.5/3ᴺ ஐத் தாண்ட முடியாது. N கூடக் கூட அது பூச்சியத்துக்குப் போகுது. முடிவில்லாத தொகையையும் தொகையீட்டையும் இடம் மாற்ற அனுமதி இந்தச் செவ்வகம்தான் தருது.

ஐந்து உறுப்புகளோடு நிறுத்திப் பார்த்தோம். 3⁵ = 243. 0.577 × 1.5/243 என்பது 0.0036 அளவில். π க்காக ஆறால் பெருக்கினால் 0.021. ஐந்து உறுப்பில் கிடைக்கும் பெறுமானம் 3.1426. உண்மையான வழு 0.001 தான். சோதனை தந்த உத்தரவாதம் உண்மை, ஆனா இருபது மடங்கு தாராளம். காரணம் லேசானது. Mₖ கூட்டலையும் கழித்தலையும் பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் கூட்டலாகவே எடுக்குது. x சின்னதாக இருக்கிற இடங்களிலும் முனையில் உள்ள மோசமான நிலையையே கணக்கில் வைக்குது. வழுவை நெருக்கமாக மதிப்பிடவேணும் என்றால் இந்தச் சோதனையை நம்பக்கூடாது. அதுக்கு வேற வழி பார்க்கவேணும்.

போன் கல்குலேட்டரில் இரண்டு தொடரையும் பக்கத்துப் பக்கமாகப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். மாதவனின் √12 தொடர் இப்படிப் போச்சு: 3.4641, 3.0792, 3.1562, 3.1379, 3.1426, 3.1413, 3.1417. மற்றது, நாலால் பெருக்கின பிறகு: 4, 2.6667, 3.4667, 2.8952, 3.3397, 2.9760, 3.2837. ஏழு உறுப்புக்குப் பிறகும் 3 க்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடிக்கொண்டு நிக்குது. மாதவன் முந்தின தொடரில் 21 உறுப்பெடுத்துத் தசமத்தில் 11 இடம் வரை π ஐச் சரியாகக் கண்டார் என்று சொல்லப்படுகிறது. கணக்கும் அதுக்கு ஒத்துப்போகுது. விடப்படுகிற 22ஆவது உறுப்பு √12/(43 × 3²¹). அது ஒன்றின் கீழ் பத்தாயிரம் கோடியைவிடச் சின்னது.

“சரி அண்ணா. 1/√3 க்கு சோதனை வேலை செய்யுது, 1 க்கு இல்லை. ஆனா 1 லயும் விடை சரிதானே! அப்ப சோதனை சும்மா பயமுறுத்துதா?”

நான் அண்டைக்கு விரிவுரையாளரிட்டக் கேட்டதும் இதுதான். பதில் விளங்க எனக்கு ஒரு தவணை எடுத்தது.

சோதனை கைவிட்ட இடத்தில் விடை பிழையாகவும் வரலாம். உதாரணத்துக்கு ஒரு கூடாரத்தை நினைச்சுக்கொள்ளுங்கோ. 0 முதல் 1/n வரை அடி, உயரம் 2n, முக்கோண வடிவம். அதுக்கு வெளியே பூச்சியம். பரப்பு பாதி × அடி × உயரம், எப்பவும் 1. n கூடக் கூடக் கூடாரம் ஒடுங்கி, உயர்ந்து, 0 பக்கம் ஒதுங்கிக்கொண்டே போகும். நீங்கள் 0 க்கும் 1 க்கும் இடையில ஏதோ ஒரு புள்ளியில் நிற்கிறீர்கள் என்று வையுங்கோ. n போதியளவு பெரிதானவுடன் கூடாரம் உங்களுக்கு இடப்பக்கம் போயிட்டுது, உங்கட தலைக்கு மேல பூச்சியம். 0 இலேயே நின்றாலும் கூடாரம் அங்கே தரையில்தான் தொடங்குது, அதுவும் பூச்சியம். ஆகவே ஒவ்வொரு புள்ளியிலும் எல்லை பூச்சியம். பூச்சியத்தின் தொகையீடு பூச்சியம். ஆனா ஒவ்வொரு கூடாரத்தின் பரப்பும் 1.

இதைத் தொடராக எழுதுவதும் லேசு. முதல் உறுப்பு முதலாவது கூடாரம். அடுத்த ஒவ்வொரு உறுப்பும், புதுக் கூடாரத்தில் இருந்து பழைய கூடாரத்தைக் கழித்தது. முதல் n உறுப்பைக் கூட்டினால் n ஆவது கூடாரம் மட்டும் மிஞ்சும். முழுத் தொடரையும் கூட்டிப் பிறகு தொகையிட்டால் 0. உறுப்பு உறுப்பாகத் தொகையிட்டுப் பிறகு கூட்டினால் 1 + 0 + 0 + … = 1. இரண்டு விதமாகச் செய்ய இரண்டு விடை. இங்கே ‘இடம் மாற்றலாம்’ என்று எழுதினவர் 0 = 1 என்று நிறுவியிருப்பார்.

அவ கொஞ்சநேரம் பேசேல்ல. பிறகு, “அப்ப என்ர கணக்கில இந்தக் கூடாரம் எங்க?” என்று கேட்டா.

இதைவிட நல்ல கேள்வி கேட்க முடியாது. π/4 கணக்கிலும் கூடாரம் மாதிரி ஒன்று இருக்குது. அது நிற்கிற இடம் 0 இல்லை, 1. அதைப் பார்க்க முடிவில்லாத தொடரை விட்டுவிட்டு, N உறுப்போடு நிறுத்தவேணும். பெருக்கல் தொடரை நிறுத்தினால் மீதி துல்லியமாகத் தெரியும். அதுதான் அதன் அழகு. 1/(1 + x²) இல் இருந்து முதல் N உறுப்பைக் கழித்தால் மிஞ்சுவது, குறியை விட்டால், இதுதான்:

x²ᴺ/(1 + x²)

N = 100 என்று வைத்து இதைப் பல இடங்களில் கணிச்சுப் பார்த்தோம். x = 0.9 இல் மீதி கோடியில் ஒரு பங்கும் இல்லை. x = 0.99 இல் 0.07 அளவில். x = 0.999 இல் 0.41. x = 1 இல் பாதி. நூறு உறுப்பு இல்லை, நூறு கோடி உறுப்பு எடுத்தாலும் 1 க்குக் கிட்டப் போனால் இந்தப் பாதி அங்கே காத்துக்கொண்டு நிற்கும். சீராக ஒருங்கவில்லை என்று எம்-சோதனை சந்தேகப்பட்டது வீண் இல்லை. உண்மையாகவே ஒருங்கவில்லை.

ஆனால் இந்தக் குமிழின் குணம் வேற. முந்தின கூடாரம் ஒடுங்கின அளவுக்கு உயர்ந்தது, பரப்பைக் காப்பாற்றிக்கொண்டது. இது ஒடுங்குது, உயரவில்லை. உயரம் பாதியிலேயே நிக்குது. ஆகவே பரப்பு கரைஞ்சு போகுது. எவ்வளவு என்றும் சொல்லலாம். 1 + x² எப்பவும் 1 ஐவிடக் குறையாது. அதால மீதி x²ᴺ ஐத் தாண்டாது. x²ᴺ ஐ 0 முதல் 1 வரை தொகையிட்டால் 1/(2N + 1). N கூடக் கூட அது பூச்சியம். இதுதான் நிறுவல். எம்-சோதனை இல்லை, சீரான ஒருங்கலும் இல்லை. இரண்டு வரி. அவவின்ர விடைத்தாளில் இல்லாமல் போன பத்து மார்க்ஸும் இந்த இரண்டு வரிக்குள்ள இருந்தது.

எம்-சோதனைக்கு உயரம் மட்டும்தான் தெரியும், பரப்புத் தெரியாது. அந்த இரண்டு குமிழும் அதுக்கு ஒரே மாதிரி. இரண்டையும் பார்த்து “என்னால உத்தரவாதம் தர ஏலாது” என்றுதான் சொல்லும். “விடை பிழை” என்று அது ஒருநாளும் சொன்னதில்லை. அதை நாங்கள் இரண்டு பக்கமும் பிழையாக விளங்கிக்கொள்கிறோம். சிலபேர் சோதனை தோற்றவுடன் தொடர் சரியில்லை என்று எழுதி மார்க்ஸ் இழப்பார்கள். நானும் தங்கச்சியும் விடை சரியாக இருப்பதால் சோதனையும் பாஸ் என்று எழுதி இழந்தோம். (பகுதித் தொகைகளின் உயரம் ஒரு கட்டுக்குள்ள இருந்து, எல்லையும் ஒழுங்கான சார்பாக இருந்தால் இடம் மாற்றலாம் என்று 1885இல் இத்தாலியர் ஆர்ஸெலா நிறுவினார். முதலாம் வருடப் பரீட்சையில் அதைப் போட்டுத் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். பெரிய தேற்றம், நிறுவலும் கேட்பார்கள்.)

இந்தக் குமிழைப் பற்றி இன்னொரு விஷயம் இருக்கு. அதைச் சொல்லாமல் விட மனமில்லை.

நூறு உறுப்புக்குப் பிறகு π க்குக் கிடைப்பது 3.1316. வழு 0.01. அந்த 0.01 முழுக்க 1 க்குப் பக்கத்தில் இருக்கிற குமிழின் பரப்புத்தான். அது அவ்வளவு ஒடுக்கமாக 1 ஓடு ஒட்டிக்கொண்டு நிற்பதால், அந்தப் பகுதியில் 1 + x² ஐ 2 என்றே எடுத்துக்கொள்ளலாம். அப்ப பரப்பு 1/(2N + 1) இன் பாதி, ஏறத்தாழ 1/(4N). N = 100 என்றால் 1/400, நாலால் பெருக்கினால் 0.01. சரியாகப் பொருந்துது. வழுவின் அளவு தெரியும் என்றால் அதைத் திருப்பிச் சேர்த்துவிடலாமே?

மாதவன் வழியினர் அதைத்தான் செய்தார்கள். N உறுப்போடு நிறுத்தி, கடைசியில் ஒரு திருத்தம் சேர்க்கச் சொன்னார்கள். முதல் திருத்தம் 1/(4N). அதைவிட நல்லது N/(4N² + 1). அவர்கள் இந்த இடத்துக்கு வந்த பாதை நான் சொன்ன குமிழ்ப் பாதை இல்லை. நிறுத்தும் இடத்தை ஒன்று தள்ளி வைத்தாலும் விடை மாறாமல் இருக்கவேணும் என்ற நிபந்தனையை வைத்து, வழு ஆகக் குறைகிற திருத்தத்தைத் தேடினார்கள். ஆனா வந்து சேர்ந்தது அதே 1/(4N).

“பத்து உறுப்புப் போடும்,” என்றேன். பத்து உறுப்புக்கு 3.0418. முதல் தசமத்திலேயே பிழை. அதோட 4 × 10/401 ஐச் சேர்க்கச் சொன்னேன். அவ போனைப் பார்த்தா, திரும்ப அழுத்திப் பார்த்தா.

“3.1415902.”

“உண்மையானது 3.1415926.”

“பத்து உறுப்பிலயா?”

இருட்டுப் படத் தொடங்கிட்டுது. பாணந்துறைப் பக்கம் போற ரயில் ஒன்று ஆக்களைத் தொங்கவிட்டுக்கொண்டு போச்சு. அவவின்ர அம்மா கீழே இருந்து கூப்பிட்டா.

போக முதல் அவ ஒரு கேள்வி கேட்டா. 0.99 வரை தொகையிட்டால் எம்-சோதனை வேலை செய்யுமா என்று. செய்யும். Mₖ = (0.99)²ᵏ, கூட்டினால் 50 அளவில் வரும், முடிவுள்ளதுதான். 0.9999 வரை? அதுவும் செய்யும், தொகை ஐயாயிரம் அளவில் போகும். 1 ஐவிடக் குறைந்த எந்த r ஐ எடுத்தாலும் 0 முதல் r வரை செய்யும். ஆனால் எல்லா r க்கும் செய்யும் என்பதால் 1 வரைக்கும் செய்யும் என்று ஆகாது. அந்தக் கடைசிச் சின்ன அடியை எம்-சோதனையின் தோளில் ஏறிக் கடக்க முடியாது. 5000, ஐம்பது லட்சம் என்று ஏறிக்கொண்டே போற அந்தத் தொகையைப் பார்த்தாலே தெரியும், 1 இல் ஏதோ உடையப் போகுது என்று.

விடைத்தாளைத் திரும்ப வாங்கி, சிவப்பு வட்டத்துக்குக் கீழே பென்சிலால் சின்னதாக எழுதினா: மீதி ≤ 1/(2N + 1). சுருட்டாமல், மடிக்காமல், அப்படியே கையில் பிடிச்சுக்கொண்டு இறங்கிப் போனா.